ஐந்தாம் பக்கத்துக் கதவுக்குப் பின்னால்

ஐந்தாம் பக்கத்தில் ஒரு கதவு மட்டும்தான் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கதவு, மூடியிருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி: "இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கு?" பக்கத்தைத் திருப்பினால் ஆறாம் பக்கத்தில் கதவு திறந்திருக்கும். உள்ளே கழிப்பறை. ஒரு வாளி, ஒரு குவளை, சுவரில் ஒரு குழாய். வாசலில் ஒரு பெண் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்கிறாள்.

இந்த இரண்டு பக்கங்களுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டால் நீங்களும் என்னைப் போலவே குதிப்பீர்கள். அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்காக, விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தயாரான பதினாறு பக்கப் படப் புத்தகம் அது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் அடங்கிவிடும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அங்கன்வாடி டீச்சர், ஓய்வு நேரத்தில் கல்யாணப் படம் எடுக்கிற ஒரு தம்பி, காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காமார்கள் என்று ஒரு கூட்டமே இதற்குள் இறங்கியிருந்தது. நானும் எட்டிப் பார்க்கப் போய், அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

முதலில் எதற்கு இந்தப் புத்தகம் என்று கேட்டுவிடலாம். அங்கன்வாடியும் பள்ளியும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அது நாற்பது தப்படி. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அங்கே எல்லாமே வேறு. அங்கன்வாடியில் சாப்பிட்டதும் பாய் விரிப்பார்கள், தூங்கலாம். பள்ளியில் பாய் கிடையாது. அங்கே ஒன்றுக்கு வந்தால் ஆயா கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். இங்கே தானே கேட்டு, தானே போய், தானே வர வேண்டும். அங்கே பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் தன் உயரம். இங்கே எட்டாம் வகுப்பு அண்ணன்கள் இடைவேளையில் காற்றாய்ப் பறப்பார்கள். இதையெல்லாம் ஒரு பிள்ளைக்கு வாயால் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். படமாகக் காட்டி, திரும்பத் திரும்பப் பார்க்கவிட்டால் அது அவர்களுக்குத் தெரிந்த இடமாகிவிடும்.

இப்படிப் புது இடத்தை முன்கூட்டியே சின்னக் கதையாகச் சொல்லிக் காட்டுகிற வழக்கத்துக்கு ஒரு பின்புலமும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆசிரியை கரோல் கிரே 1991-ல், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 'சமூகக் கதைகள்' என்ற எழுத்து முறையை வகுத்தார். அதில் ஒரு கறாரான விதி இருக்கிறது. "நீ இப்படிச் செய்" என்கிற வாக்கியங்களை அளந்துதான் வைக்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால், "அங்கே இது இருக்கும், இது நடக்கும்" என்று வெறுமனே விவரிக்கிற வாக்கியங்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். விவரிப்பது பொய்யாகவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை இருக்கிறதே, அதுதான் இந்தப் பள்ளியையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டது!

நடந்தது இதுதான். ஆசிரியை முதலில் மேசையில் உட்கார்ந்து, தானே பட்டியல் போட்டார். கேட், கொடிக்கம்பம், வகுப்பறை, கரும்பலகை, தலைமையாசிரியை அறை. பெரியவர் யார் போட்டாலும் இந்தப் பட்டியல்தான் வரும். அங்கன்வாடி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், கொடிக்கம்பத்தைப் பாத்து எந்தப் புள்ளயும் அழுவாது. போன வருஷம் வந்ததுங்க உங்ககிட்டயே இருக்கே, அதுங்களயே கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் வேலையே தலைகீழாகிவிட்டது. லண்டனில் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001-ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் இடத்தைத் தாங்களே சுற்றிக் காட்டச் சொல்வது அதில் முக்கியமான பகுதி. இங்கேயும் அதையே செய்தார்கள். ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற நாலு பிள்ளைகளிடம் பழைய செல்போன் ஒன்றைக் கொடுத்து, "அங்கன்வாடித் தம்பி தங்கச்சிங்களுக்கு நம்ம பள்ளிக்கூடத்தக் காட்டணும். எதெதக் காட்டலாம்?" என்று கேட்டார்கள்.

கேட் பக்கமே அவர்கள் போகவில்லை! நேராகக் கழிப்பறைக்கு ஓடினார்கள். கதவைப் படம் எடுத்தார்கள். தாழ்ப்பாளைக் கிட்டே போய்ப் படம் எடுத்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "மிஸ், இந்தத் தாப்பா இறுகிக்கும். போட்டா தொறக்க வராது. அதனால நாங்க போட மாட்டோம். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிப்போம்." ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார். தன் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு காவல் முறையே வைத்திருந்தது வருடம் முழுக்க அவருக்குத் தெரியாது. அந்தத் தாழ்ப்பாளுக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இருந்ததும் அந்தச் சுற்றில்தான் வெளியே வந்தது.

அடுத்து என்ன செய்வது? "கதவைச் சாத்திக்கொள்ளலாம், பயமில்லை" என்று புத்தகத்தில் எழுத முடியாது. அது உண்மையில்லை. அப்படியானால் முதலில் அதை உண்மையாக்க வேண்டும். மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றி, பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிற மாதிரி புதிதாகப் போட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் காவல் முறையை எடுக்கவில்லை. அதுதான் ஆறாம் பக்கத்தில் முதுகைக் காட்டி நிற்கிற அந்தப் பெண். அந்தப் படத்துக்கு அடியில் "என் கூட்டாளி வெளியே நிக்கலாம். கதவைச் சாத்திக்கலாம்" என்று இரண்டே வரி. எனக்குப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த பக்கம் இதுதான், கேட்கிற எல்லோரிடமும் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறேன்.

படம் எடுக்கிற கட்டத்துக்கு வருவோம், இங்கேதான் கூத்து! அந்தத் தம்பி வழக்கம்போல நின்றபடி எடுத்த முதல் படங்களில் மேசை, பெஞ்சு, தரை எல்லாம் மேலிருந்து தெரிந்தன. அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் காட்டினால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர். கண் இருக்கிற இடம் ஒரு மீட்டர்தான். தம்பி ஒரு குச்சியில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு, கேமராவை அந்தக் கோட்டுக்கு இறக்கினார். முட்டி போட்டுக்கொண்டு, கைலி எல்லாம் புழுதியாகி, பள்ளி முழுக்கத் தவழ்ந்தார். அடடா, அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடமே வேறு! ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரிகிறது. கரும்பலகை கூரை வரைக்கும் எழும்பி நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியில் உள்ள ஆறு குழாய்களில் கடைசி இரண்டுதான் பிள்ளை கைக்கு எட்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த இரண்டு குழாய்களின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் "மஞ்சள் குழாய் எனக்கு" என்றே போட்டிருக்கிறது.

எடுக்க வேண்டிய காலமும் ஒன்று உண்டு. ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளி மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் சாவியை வாங்கித் திறந்து எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம்தான், ஆனால் காலி வகுப்பறையைப் படத்தில் பார்த்துப் பழகிய பிள்ளை, ஜூன் மாதம் அதே அறையில் இருபத்தைந்து பேரையும் இரைச்சலையும் கண்டு மிரண்டுவிடும். அதனால் இடைவேளையில் ஓடுகிற கால்களோடும், குவிந்து கிடக்கிற செருப்புகளோடும், கசகசவென்று இருக்கிறபடியே எடுத்தார்கள். முகம் தெரிகிற பிள்ளைகளின் வீட்டில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். மற்றவர்கள் முதுகோ கையோ தெரிகிற மாதிரி நின்றார்கள்.

கசகசவென்று இருப்பதிலும் ஓர் ஆபத்து. குழாய்ப் படத்தை அங்கன்வாடியில் காட்டி "என்ன தெரியுது?" என்று கேட்டபோது, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "பூனை!" என்றார்கள். படத்தின் மூலையில், சத்துணவுக் கூடத்துப் பூனை படுத்திருந்தது. பெரியவர்கள் யார் கண்ணிலும் அது படவே இல்லை. அப்புறம் குழாயைப் பற்றி யார் பேசுவார்கள்? பூனைக்குக் குட்டி இருக்கிறதா, அது கடிக்குமா என்று அரைமணி நேரம் போயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கான படத்தில் எது முக்கியம் என்பதை நாம் சொல்லிவிட முடியாது. ஒரு படத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். குழாயை மறுபடியும் பூனை இல்லாமல் எடுத்தார்கள். பூனையை விட்டுவிட்டார்களா? மாட்டார்கள்! அதற்குப் புத்தகத்தின் நட்ட நடுவில் இடம் கொடுத்தார்கள்.

அந்த நடுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அச்சுக்கடை ரகசியம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் கிடைக்கும். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்தால் பதினாறு பக்கம். ஆனால் தாளை விரித்துப் பார்த்தால் பக்கங்கள் வரிசையில் இருக்காது. வெளித்தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறு. அதன் பின்புறம் இரண்டும் பதினைந்தும். அடுத்த தாளில் மூன்றும் பதினான்கும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினேழு வரும்! இதைத் தெரிந்துகொண்ட ஏழாம் வகுப்புப் பையன்கள் ஒரு பழைய நோட்டைப் பிரித்துப் பிரித்துக் கூட்டிப் பார்த்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இதில் எட்டும் ஒன்பதும் மட்டும்தான் ஒரே தாளில் ஒட்டியபடி, புத்தகத்திலும் எதிரெதிராக வருகின்றன. மற்ற எதிர்ப்பக்கங்களெல்லாம் வெவ்வேறு தாள். மடிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அவற்றில் போட்ட பெரிய படம் நடுவில் பிசகிவிடும். அதனால்தான் அங்கன்வாடி வாசலிலிருந்து வேப்பமரம், பம்பு, மஞ்சள் குழாய் வழியாக ஒன்றாம் வகுப்பு வாசல் வரை போகிற வழிப்படத்தை அந்த எட்டு, ஒன்பதில் வைத்தார்கள். வரைந்தது பள்ளி ஓவிய ஆசிரியர். அந்த வழியில் ஓர் இடத்தில் பூனை ஒளிந்திருக்கிறது. எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். கூர்ந்து பார்த்தால் ஒரு வால் தெரியும்.

பக்க எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது பக்கம் வரும். கேள்வியை வலது பக்கத்தில் வைத்தால், பதிலைப் பார்க்கப் பிள்ளை தாளைத் திருப்பியே ஆக வேண்டும். கதவு ஐந்தாம் பக்கத்தில் இருப்பது அதனால்தான். திருப்புகிற அந்த ஒரு நொடியில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி பதினோராம் பக்கம். புத்தகத்தின் கடினமான பக்கம் இது.

அங்கே டீச்சர் வர வேண்டும். சோதனைக்காகப் போட்ட முதல் பிரதியில் ஆசிரியையின் படமே இருந்தது. அழகாகச் சிரித்துக்கொண்டு, கரும்பலகை ஓரமாக நின்றார். அங்கன்வாடியில் ஒரு பையன் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடினான். மறுநாள் கொடுத்தாலும் அதே இடத்தில் மூடினான். காரணம் கேட்டால் பதில் இல்லை. அங்கன்வாடி டீச்சர் அவன் விரல் எங்கே போகிறது என்று கவனித்தார். ஆசிரியையின் வலது கையில் ஒரு மர ஸ்கேல் இருந்தது. கரும்பலகையில் எழுத்தைச் சுட்டிக்காட்ட வைத்திருந்தது. பையனுக்கு அது அடிக்கிற குச்சி. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே அடிப்பதைத் தடை செய்துவிட்டது, அந்த ஆசிரியை யாரையும் தொட்டதும் கிடையாது. ஆனால் படத்துக்கு அதெல்லாம் தெரியாதே! ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு எடுத்த படத்தைக் காட்டியதும் அவன் பாட்டுக்குப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டான்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. தலைமையாசிரியை நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "கலந்தாய்வு வருதே, நீங்க ஜூன்ல இங்கதான் இருப்பீங்கன்னு யார் எழுதிக் குடுக்கறது?" அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாறுதல் கலந்தாய்வு பெரும்பாலும் கோடையை ஒட்டித்தான் வரும். பிள்ளை இரண்டு மாதம் ஒரு முகத்தைப் பார்த்துப் பழகி, முதல் நாள் வேறொருவர் நின்றால், இந்தப் புத்தகம் சொன்ன எல்லாமே பொய் என்று அதற்குத் தோன்றிவிடும். கழிப்பறையும் பொய், மஞ்சள் குழாயும் பொய்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள், சிலிர்க்கும். பதினோராம் பக்கத்தில் படமே இல்லை. பாஸ்போர்ட் அளவைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெற்றுக் கட்டம், சுற்றிலும் பூ பார்டர். "எனக்கு ஒரு டீச்சர் இருப்பாங்க. முதல் நாள் அவங்க தன் படத்தை எனக்குக் குடுப்பாங்க. நான் இங்கே ஒட்டுவேன்." ஜூன் மாதம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இது உண்மை. முதல் நாள் முதல் வேலை என்ன என்பதும் தானாகவே முடிவாகிவிட்டது. பசை, படம், பக்கத்தில் உட்காருகிற புது டீச்சர். அந்த ஆசிரியைக்கு மாறுதல் வந்தே விட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர் தன் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு பையில் போட்டு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, சரிபார்த்துவிட்டுத்தான் ஒட்டினார்கள்!

சாப்பாட்டுப் பக்கங்களில் அவ்வளவு சிரமமில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டதால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வந்ததும் முதலில் பார்ப்பது ஆவி பறக்கிற தட்டைத்தான். கிச்சடியா பொங்கலா என்பது நாளுக்கு நாள் மாறும், ஆகவே நாலாம் பக்கத்தில் தட்டும் கையும் மட்டும். "சில நாள் பொங்கல், சில நாள் வேற" என்று எழுதி முடித்துவிட்டார்கள். மத்தியானம் முட்டை உண்டு, அங்கன்வாடியில் பார்த்த அதே முட்டை. மாறாத ஒன்றையும் காட்ட வேண்டும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் முழு முட்டை ஒன்றைப் பெரிதாகப் போட்டதில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

சாப்பிட்ட பிறகுதான் சங்கடம். தூக்கம் வருமே! பதின்மூன்றாம் பக்கத்தில் "இங்கே பாய் இல்லை" என்று உண்மையை எழுதியாக வேண்டும். எழுதிப் பார்த்தார்கள், படிக்கவே பரிதாபமாக இருந்தது. ஆசிரியை ஒரு முடிவுக்கு வந்தார். முதல் மாதம் முழுக்க, சாப்பாடு முடிந்ததும் கொஞ்ச நேரம் பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துக்கொள்ளலாம், அப்போது கதை சொல்லப்படும் என்று தலைமையாசிரியையிடம் பேசி, பாடவேளைத் திட்டத்திலேயே எழுதி வாங்கிவிட்டார், அடுத்து வருகிறவரும் அதைச் செய்ய வேண்டுமே! அதன் பிறகு பக்கம் இப்படி மாறியது: "இங்கே பாய் இல்லை. தலை சாய்ச்சுக்கலாம். டீச்சர் கதை சொல்லுவாங்க." படத்தில் மேசைமேல் ஒரு கன்னம், பாதி மூடிய கண். இந்தப் புத்தகத்தை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்றால் இதற்காகத்தான். எழுத முடியாத ஒவ்வொரு வரிக்கும் பள்ளிக்கூடம் தன்னைத் திருத்திக்கொண்டது. பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் செய்யப் போனவர்கள், பள்ளியைப் பிள்ளைக்குத் தயார் செய்துவிட்டு வந்தார்கள்.

எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது எல்லாப் பிள்ளைகளின் கேள்வி. "நாலு மணிக்கு" என்றால் ஐந்து வயதுக்கு என்ன புரியும்? கடிகாரம் அவர்களுக்கு இன்னும் வெறும் வட்டம்தான். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பட வரிசை ஓடுகிறது. தட்டு, பாட்டு, சாப்பாடு, கதை, விளையாட்டு, பை, மணி. அந்தப் பக்கத்தில் எந்த நேரமோ அந்தப் படத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். புத்தகம் நகர நகர வட்டமும் மணியை நோக்கி நகரும். இதே ஏழு படங்களையும் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் ஒட்டி, ஒரு துணிக் கிளிப்பை நகர்த்துகிறார்கள். அழ ஆரம்பிக்கிற பிள்ளையைக் கூட்டிப்போய், "கிளிப்பு எங்க இருக்கு? இன்னும் எத்தன படம்?" என்று கேட்டால், அது எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

பதினைந்தாம் பக்கத்தில் முதலில் "அம்மா வருவாங்க" என்றுதான் இருந்தது. மகளிர் குழு அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நாங்க நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வர முன்னப் பின்ன ஆவும் டீச்சர். எங்க வூட்ல அவங்க ஆயாதான் வரும். அம்மானு போட்டா அது கேட்டுல நின்னு அம்மாவத்தான் தேடும்" என்றார். அம்மா இல்லாத பிள்ளையும் அந்த ஆண்டு ஒன்று இருந்தது. ஆகவே அங்கேயும் ஒரு வெற்றுக் கட்டம். மே மாதத்தில் வீட்டில் பேசி, யார் கூப்பிட வருவார்களோ அவரைப் பிள்ளையே வரைந்துகொள்ளலாம், படம் இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பிள்ளை தாத்தாவையும் அவர் சைக்கிளையும் வரைந்திருந்தது. சைக்கிள் தாத்தாவைவிடப் பெரிது!

அச்சடிக்கும்போது 12-க்கு 18 அங்குலத் தாளில் போட்டால் இரண்டே தாளில் ஒரு புத்தகம் அடங்கிவிடும் என்று டிஜிட்டல் பிரிண்ட் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். 170 ஜிஎஸ்எம் தாள், பிள்ளைகள் திருப்பத் தாங்கும். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், டீச்சர் தூக்கிக் காட்டும்போது டியூப்லைட் அதில் எதிரொளித்து, பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு வெள்ளை வெளிச்சம்தான் தெரியும். மங்கலான மேட் போட்டார்கள், மூலைகளை வட்டமாக வெட்டினார்கள். நடுவில் பின் அடித்த மாதிரிப் பிரதி ஒன்று வந்தது. இரண்டு நாள் புழங்கியதும் பின்னின் முனை நிமிர்ந்து விரலைக் குத்தியது. உடனே மகளிர் குழு அக்காமார்கள், காலைச் சமையல் முடிந்த கையோடு, ஊசியும் கோணி தைக்கிற நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல் துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே வந்து ஒரு முடிச்சு. நூல் சிவப்பு. வழிப்படத்தின் நடுவே அந்தச் சிவப்பு நூல் ஓடுவது எவ்வளவு அழகு தெரியுமா!

ஏப்ரல் கடைசியில் ஆளுக்கு ஒன்று வீட்டுக்குப் போயிற்று, அங்கன்வாடியில் இரண்டு இருந்தன. அங்கன்வாடிக்குக் கோடை விடுமுறை பள்ளியைவிடக் குறைவு என்பதால் மே மாதத்திலும் வாசிப்பு தொடர்ந்தது. டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியாதே, என்னக் கூட்டிட்டுப் போயி காட்டு" என்பார். பிள்ளை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கும். எந்த இடத்தில் தயங்குகிறதோ அந்தப் பக்கத்தை மறுநாள் மறுபடியும் எடுப்பார்.

புத்தகத்தால் முடியாததும் உண்டு. மணிச் சத்தத்தை அச்சடிக்க முடியாது. இந்தப் பள்ளியின் மணி தண்டவாளத் துண்டு, அடித்தால் நெஞ்சு அதிரும். பதினான்காம் பக்கத்தில் அதன் படத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, முதல் நாள் சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டது. இரண்டாம் வாரம் வரை அழுத பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுகிற பிள்ளைகூட, கண்ணீரோடு, கூட்டாளியை வெளியே நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன். வந்ததும் மஞ்சள் குழாயில் கை கழுவிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அழுகையைத் தொடர்ந்தது.

இப்போது அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கிவிட்டது. அங்கன்வாடிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் வந்து ஆளுக்கொரு அடியாகத் தண்டவாளத்தைத் தாங்களே அடித்துவிட்டுப் போகிறார்கள், மணிக்கான பக்கத்தில் சுத்தியலைப் பிடித்த ஒரு சின்னக் கை வரப்போகிறது. செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்திருப்பதால், வீட்டில் படித்துக் காட்ட அவர்கள் மொழியிலும் வரிகளை எழுதித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பூனைக்குக் குட்டிகள் பிறந்துவிட்டன, மூன்று! வழிப்படத்தில் இடம் பற்றாது என்று ஓவிய ஆசிரியர் சொல்கிறார். ஒன்றாம் வகுப்பு அதை ஒத்துக்கொள்வதாக இல்லை.